பாதிப் பவரில் மூன்று ஆண்டுகள்: இலேசான கிட்டப்பார்வையில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் இடத்துக்கு வந்த ஓர் ஆசிரியையின் நிகழ்வு இது. அவருடைய அனுமதியுடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பவர் அளவுகளை மாற்றவில்லை.

பின்னணி

வயது 29. நிலாவெளிப் பக்கம் வீடு, நகரத்தில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறார். காலையில் ஸ்கூட்டியில் வந்து, பாடசாலை முடிந்ததும் ரியூசன் வகுப்பு எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவார். சீனி வருத்தம் இல்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை, கண்ணில் அடிபட்டதும் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டிருக்கிறார். வேறு ஒரு ஊரில் பரிசோதித்து, அங்கேயே வாங்கியது. அந்தக் கண்ணாடியைக் கைப்பையில் வைத்திருப்பார். வகுப்பில் சில நேரம் போடுவார், சில நேரம் மறந்துவிடுவார், ஸ்கூட்டி ஓடும்போது கட்டாயம் போடுவார். "போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று" என்று அவரே சொன்னார். கண்ணாடி போட்ட ஒருவர் இப்படிச் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணாடியைத்தான்.

அவர் சொன்ன தொந்தரவுகள்

மூன்று விடயங்களைச் சொன்னார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு இரண்டு புருவத்துக்கும் நடுவிலும் நெற்றியிலும் ஒரு இறுக்கம் வரும், சனி ஞாயிறுகளில் வராது. இருட்டியபின் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறி, தெரு ஓரம் தெரியாமல் போகும். ஒரு நாள் சாம்பல்தீவுப் பக்கம் வீதியில் படுத்திருந்த மாட்டை மிகக் கிட்டப் போன பிறகே கண்டு பிரேக் பிடித்திருக்கிறார். இந்த ஊரில் மாடும் மானும் வீதியில் நிற்பது புதினமில்லை என்பதால், அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினார். வகுப்பில் கடைசி வாங்கில் யார் கதைக்கிறார்கள் என்று தெரிவதில்லை. குரலை வைத்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பிழையான பிள்ளை எழுந்து நிற்கிறது.

அவர் கேட்க வந்த கேள்வி இவற்றில் எதுவும் இல்லை. "சேர், இந்தச் சின்னப் பவருக்கு நாள் முழுக்கக் கண்ணாடி போட வேணுமா? தூரத்துக்கு மட்டும் போட்டால் காணாதா?" என்பதுதான் கேள்வி. கூட வந்திருந்த அம்மாவுக்கு வேறு கவலை: "பவரைக் கூட்டிப் போடாதேங்கோ தம்பி. கொஞ்சம் குறைச்சே போடுங்கோ. இல்லாட்டிக் கண் அதுக்குப் பழகி, கூடிக்கொண்டே போகும்."

கண்ட அளவுகள்

கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணும் 6/18 வரை வாசித்தது, அதாவது சாதாரணக் கண் 18 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை 6 மீற்றரில்தான் வாசித்தது. ஆனால் கண்ணைச் சுருக்கி வாசித்தார். "சுருக்காமல், சும்மா பாருங்கோ" என்று சொல்லி இமையைக் கவனித்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது இரண்டும் 6/24க்கு இறங்கின. ஊசித்துளை வைத்த தட்டு வழியாகப் பார்க்க 6/6 வந்தது. பழுது பவரில்தான், கண்ணின் உள்ளே வேறு கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்கு அது முதல் அறிகுறி.

அடுத்ததாக அவருடைய பழைய கண்ணாடியை, லென்சின் பவரை அளக்கும் லென்ஸ் மீற்றரில் வைத்தேன். இரண்டு பக்கமும் மைனஸ் 0.75. ஒரு திசையில் மட்டும் கூடியிருக்கும் குறையைத் திருத்தும் சிலிண்டர் பவர் இல்லை. நல்ல வேளையாக, பழைய பரிசோதனைத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்தபடியே இருந்தது. அதில் வலது கண்ணுக்கு மைனஸ் 1.25 உடன் சிலிண்டர் மைனஸ் 0.50, இடது கண்ணுக்கு மைனஸ் 1.25 என்று எழுதியிருந்தது. துண்டில் ஒன்று, லென்சில் ஒன்று. கேட்டபோது அம்மா விளக்கினார். முதல் கண்ணாடிதானே, பாதியாகப் போட்டால் கண் பழகிவிடும் என்று குடும்பமாகச் சொல்லி, கடையில் குறைத்துச் செய்து வாங்கியிருக்கிறார்கள்.

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரைக் காணும் ரெட்டினோஸ்கோப்பால் பார்த்து, பின்னர் அவர் சொல்லும் பதிலை வைத்துச் சரிசெய்து வந்த இறுதி அளவு இதுதான்: வலது மைனஸ் 1.25, சிலிண்டர் மைனஸ் 0.50, அச்சு 180. இடது மைனஸ் 1.50. இரண்டு கண்ணும் 6/6, சேர்ந்து பார்க்கும்போது 6/5இன் பெரும்பகுதி. மூன்று ஆண்டுகளில் மாறியது இடது கண்ணில் ஒரு கால் பவர் மட்டுமே. ஆக, அவருடைய பவர் கூடியதால் கண்ணாடி போதாமல் போகவில்லை. அது முதல் நாளிலிருந்தே போதாது.

சிவப்பு பச்சைச் சோதனையும் அதையே சொன்னது. பழைய கண்ணாடியுடன் பார்த்தபோது சிவப்புப் பக்க எழுத்துகள் தெளிவாகவும் பச்சைப் பக்கம் கலங்கலாகவும் தெரிந்தன. கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பவர் குறைவாக இருந்தால் இப்படித்தான் தெரியும். புதிய அளவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்தன. அதற்கு மேல் இன்னொரு கால் மைனஸ் வைத்துக் காட்டினேன். எழுத்து "கறுப்பாக" இருக்கிறது என்றார், ஆனால் ஒரு எழுத்துக்கூட மேலதிகமாக வாசிக்கவில்லை. எனவே அந்தக் காலை எடுத்துவிட்டேன். இளம் வயதுக் கண் கூடிய மைனசைத் தன் லென்சைக் குவித்துச் சமாளித்து, அதை நல்லது என்றே சொல்லும். கேட்டதை எல்லாம் கொடுத்துக்கொண்டு போனால் தேவைக்கு மேற்பட்ட பவரில்தான் போய் நிற்போம். அம்மாவின் பயத்தில் ஏதாவது நியாயம் இருக்குமானால், அது இந்த இடத்தில்தான்.

அந்த முக்கால் பவர் என்ன செய்தது

கிட்டப்பார்வைக் கண்ணுக்கு ஒரு எல்லைத் தூரம் உண்டு. அந்தத் தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும், தாண்டினால் கலங்கும். ஒரு மீற்றரைப் பவரால் வகுத்தால் அது கிடைக்கும். இவருடைய வலது கண்ணின் சிலிண்டரில் பாதியைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு கண்ணும் ஏறக்குறைய 1.50 தான். ஆக, கண்ணாடி இல்லாமல் எல்லை 67 சென்ரிமீற்றர், இரண்டு அடிக்குச் சற்று மேலே. பழைய கண்ணாடி 0.75ஐத் திருத்தியது, மிச்சம் 0.75. அதனுடன் எல்லை 133 சென்ரிமீற்றர், நாலரை அடிக்குள்.

இப்போது அவருடைய நாளை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். கொப்பி, புத்தகம், போன் எல்லாம் இரண்டு அடிக்குள். அவை கண்ணாடி இல்லாமலே தெளிவு. கடைசி வாங்கு ஆறேழு மீற்றர், வீதி அதையும் தாண்டி. அவை கண்ணாடி போட்டும் கலங்கல். அந்தக் கண்ணாடி அவருக்குப் புதிதாகத் தெளிவாக்கிக் கொடுத்தது இரண்டு அடிக்கும் நாலரை அடிக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும். அந்தத் துண்டில் முன்வரிசைப் பிள்ளைகளின் மேசையைத் தவிர அவர் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று என்று அவர் சொன்னது அலட்சியமல்ல. சரியான அளவீடு.

பாதிப் பவர் போட்டால் கண் "உழைத்துப் பழகும்" என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் படித்தவர்களிடமும் உண்டு. தூரப்பார்வை உள்ள இளம் கண்ணுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்தக் கண் தன் லென்சைத் தடிப்பாக்கிக் குவியத்தை முன்னே இழுத்து, குறையைச் சமாளிக்கும். கிட்டப்பார்வையில் குவியம் ஏற்கெனவே விழித்திரைக்கு முன்னால் விழுகிறது. கண் லென்ஸ் செய்யக்கூடியது அதை இன்னும் முன்னே இழுப்பது மட்டும்தான். பின்னே தள்ளும் வழி அதற்கு இல்லை. உழைத்தால் கலங்கல் கூடும். எனவே தூரத்தைப் பார்க்கும்போது குறை பவரால் கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை. கிட்டத்தைப் பார்க்கும்போதோ வழமையை விடக் குறைவாகத்தான் உழைக்கிறது.

அப்படியானால் நெற்றி இறுக்கம் எங்கிருந்து வந்தது? கண்ணுக்குள்ளிருந்து அல்ல, இமையிலிருந்து. கண்ணைச் சுருக்கும்போது இமையைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, புருவம் இறங்குகிறது. நாளெல்லாம் கடைசி வாங்கைப் பார்த்துச் சுருக்கினால் பின்னேரம் அந்தத் தசை வலிக்கத்தான் செய்யும். சனி ஞாயிறு வலி இல்லை என்பதும் இதனுடன் பொருந்தியது.

இவர் மற்றவர்களை விட அதிகமாகச் சுருக்கியதற்கு இன்னொரு காரணத்தைச் சிலிண்டர் காட்டிக் கொடுத்தது. அச்சு 180 என்றால், வலது கண்ணில் நிலைக்குத்துத் திசையில் குறை கூட. அங்கே 1.75, கிடைத்திசையில் 1.25. பழைய கண்ணாடி சிலிண்டரைத் தொடாததால் நிலைக்குத்தில் மிச்சம் முழுதாக ஒன்று. இமையைச் சுருக்கினால் கிடைக்கும் இடுக்கு கிடையாகத்தான் இருக்கும், அது வெட்டுவது நிலைக்குத்துத் திசைக் கலங்கலை. அதாவது இந்தக் கண்ணுக்குச் சுருக்கல் நன்றாகவே பலன் கொடுத்திருக்கிறது. பலன் கிடைத்ததால் பழக்கமாகிவிட்டது. 6/24 என்ற கண் 6/18 ஆகத் தோன்றியதும் இதனால்தான்.

இரவுத் தொந்தரவுக்குக் காரணம் கண்மணி. பகல் வெயிலில் அது மூன்று மில்லிமீற்றர் அளவில் சுருங்கியிருக்கும், இருட்டில் ஆறு வரை விரியலாம். திருத்தாமல் விட்ட பவர் அதேதான், ஆனால் கலங்கல் வட்டத்தின் அகலம் கண்மணியின் அகலத்துடன் சேர்ந்து கூடும், இரண்டு மடங்கு வரை போகும். பகலில் "பரவாயில்லை" என்று தோன்றும் முக்கால் பவர் இரவில் பரவாயில்லை ஆகாது.

எடுத்த முடிவும் காரணமும்

முடிவுக்கு முன் இரண்டு விடயங்களைப் பார்த்தேன். முதலாவது, இது உண்மையான கிட்டப்பார்வையா, அல்லது கிட்ட வேலையால் லென்ஸ் இறுகிப்போய்க் காட்டும் பொய்க் கிட்டப்பார்வையா? ரெட்டினோஸ்கோப் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்தன, இரண்டு தடவை பார்த்தும் அளவு ஆடவில்லை, மூன்று ஆண்டுக்கு முந்திய துண்டும் ஏறக்குறைய அதுவே. எனவே லென்சைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கக் கிளினிக்குக்கு அனுப்பத் தேவை இருக்கவில்லை. அளவு ஆடியிருந்தால் அனுப்பியிருப்பேன்.

இரண்டாவது, முழுப் பவர் போட்டால் கிட்டத்தில் சிரமம் வருமா? முழுப் பவரைச் சோதனை பிரேமில் போட்டுவிட்டு, ஒரு சின்ன எழுத்து அட்டையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுபோனேன். 12 சென்ரிமீற்றர் வரை தெளிவாக வாசித்தார். அதாவது பவரின் அலகான டயோப்டரில் சொன்னால், எட்டுக்கு மேற்பட்ட குவிக்கும் சக்தி கையில் இருக்கிறது. 40 சென்ரிமீற்றரில் வாசிக்கத் தேவை இரண்டரை. தாராளம். ஒரு கண்ணை மறைத்துத் திறந்து பார்த்தபோது, கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் கண்கள் வெளிப்புறமாகச் சற்று ஒதுங்கும் தன்மை தெரிந்தது, முழுப் பவரில் அது குறைந்தது. இதில் ஆச்சரியமில்லை. லென்ஸ் குவியும்போது கண்கள் உள்ளே திரும்புவதும் கூடவே நடக்கிறது. குவிக்கும் வேலை இல்லாவிட்டால் அந்த உதவியும் இல்லை.

அதே சோதனை பிரேமுடன் அவரைக் கடை வாசலில் நிற்க வைத்தேன். முதலில் பழைய பவருக்குச் சமனானது, பிறகு முழுப் பவர். எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லவில்லை, சும்மா வீதியைப் பார்க்கச் சொன்னேன். கவனித்தது நெற்றியை. பழைய பவரில் புருவம் இறங்கியே இருந்தது. முழுப் பவரில் சில விநாடிகளில் விரிந்தது. அம்மாவும் அதைக் கண்டார். அதற்குப் பிறகு "குறைச்சுப் போடுங்கோ" என்று அவர் சொல்லவில்லை.

முடிவு இதுதான்: பவர் முழுதாக, சிலிண்டருடன். போடும் நேரம் அவருடைய வேலைக்கு ஏற்றபடி. நான் அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்கூட்டி ஓடும்போது, இரவிலும் பகலிலும், கட்டாயம் போடுங்கோ. வகுப்பிலும் கழற்ற வேண்டாம். ஒரு நிமிஷம் கொப்பி, அடுத்த நிமிஷம் கடைசி வாங்கு என்று மாறி மாறிப் பார்க்கிற இடத்தில் போட்டுக் கழற்றுவதே ஒரு வேலையாகிவிடும். வீட்டில் ஒரே இருப்பில் கொப்பி திருத்தும்போதும் படுத்துக்கொண்டு போன் பார்க்கும்போதும் கழற்றினால் நட்டமில்லை. போட்டபடி வாசித்தாலும் நட்டமில்லை. எது சுகமோ அதைச் செய்யுங்கோ."

பவரைக் குறைப்பதற்கும் கண்ணாடியைக் கழற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் அப்போதே விளக்கினேன். கழற்றினால் கிட்டம் சுகம், போட்டால் தூரம் தெளிவு. இரண்டும் அவர் கையில். குறைத்த பவரில் அந்தத் தெரிவு இல்லாமல் போகிறது, தூரம் எப்போதும் அரைகுறைதான். வளர்ந்தவருக்கு இலேசான கிட்டப்பார்வையில் கண்ணாடியைப் போடுவதால் பவர் ஏறாது, போடாமல் விடுவதால் இறங்கவும் மாட்டாது. இது சுகமும் பாதுகாப்பும் பற்றிய கேள்வி.

குறைத்துக் கொடுப்பது எப்போதுமே பிழை என்று சொல்ல வரவில்லை. நாற்பதைத் தாண்டி வாசிக்கச் சிரமப்படத் தொடங்கியவர், நாளெல்லாம் கணினித் திரைக்கு முன் மட்டும் இருந்து வாகனம் ஓடாதவர், முதல் தடவையாகப் பெரிய சிலிண்டர் போடுபவர், இரண்டு கண்ணுக்கும் அதிக வித்தியாசம் உள்ளவர் ஆகியோருக்கு யோசித்துக் குறைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. அங்கே ஏன், எவ்வளவு, எந்தத் தூரத்துக்கு என்று துண்டில் எழுதியிருக்கும். இந்த ஆசிரியையின் முக்கால் பவருக்கு அப்படி ஒரு காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முதல் இரண்டு வாரம்

புதிய கண்ணாடி கையில் கிடைத்த மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். தரை சற்றுச் சரிந்த மாதிரி இருக்கிறது, படி இறங்கும்போது கால் தயங்குகிறது என்றார். முதன்முறையாகச் சிலிண்டர் போட்டவர் என்பதால் எதிர்பார்த்ததுதான். அரைச் சிலிண்டருக்கு ஒரு வாரத்துக்குள் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் அச்சைப் பார்க்க வரும்படி சொன்னேன். வார முடிவில் அது போய்விட்டது.

இரண்டாவது முறைப்பாடு கொஞ்சம் யோசிக்க வைத்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும்போது கண் கனக்கிறது, பழைய கண்ணாடியில் இப்படி இருக்கவில்லை என்றார். எட்டு டயோப்டருக்கு மேல் குவிக்கும் கண் வாசிக்கக் கனக்கக்கூடாதே? எப்படி இருந்து திருத்துகிறார் என்று கேட்டேன். கட்டிலில் சாய்ந்து, விடைத்தாள்களை மடியில் வைத்து, தலையைக் குனிந்து. போன் கமெராவில் மகளை ஒரு பக்கமாக நின்று படம் எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொன்னேன். கண்ணுக்கும் தாளுக்கும் இடையே ஒரு அடி இல்லை, 25 சென்ரிமீற்றர் இருக்கும்.

கணக்கு அங்கே மாறுகிறது. 25 சென்ரிமீற்றரில் முழுப் பவர் போட்ட கண் நான்கு டயோப்டர் குவிக்க வேண்டும். அதே இடத்தில் பழைய கண்ணாடியுடன் மூன்றேகால், கண்ணாடி இல்லாமல் இரண்டரை. கையிருப்பில் பாதியை மணிக்கணக்காகச் செலவழித்தால் களைப்பு வரும். திருத்தப்படாத கிட்டப்பார்வையுடன் ஆண்டுக்கணக்காக இருந்தவர்களுக்குப் பொருளை மிகக் கிட்டப் பிடிக்கும் பழக்கம் இருப்பதுண்டு. கண்ணாடி பழக்கத்தை மாற்றாது.

பவரைத் தொடவில்லை. திருத்தும்போது கண்ணாடியைக் கழற்றலாம், அல்லது மேசையில் வைத்து ஒரு முழத் தூரத்தில் திருத்தலாம் என்று சொன்னேன். அவர் கழற்றுவதைத் தேர்ந்தெடுத்தார். கனம் அடுத்த நாளே குறைந்தது. இந்தக் கட்டத்தில் "முழுப் பவர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவுகட்டிப் பவரை இறக்கியிருந்தால், வீதிக்கு வேண்டிய தெளிவை மடிக்காக விற்றிருப்போம். குறைத்த பவரில் பலர் நிற்பது இப்படித் தொடங்கித்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதத்துக்குப் பின்

மறுபடி பார்த்தபோது பவர் அதேதான். பாடசாலை நாட்களின் நெற்றி இறுக்கம் போய்விட்டது. தலையிடி முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. விடைத்தாள் நிறையச் சேரும் வாரங்களிலும், நேரத்துக்குச் சாப்பிடாத நாட்களிலும் வருகிறது. அதைக் கண்ணாடியின் கணக்கில் போட முடியாது.

இரவு வெளிச்சம் பாதிதான் தீர்ந்தது. தெரு ஓரமும் ஓரத்தில் நிற்பவையும் தெரிகின்றன, ஆனால் எதிர் வெளிச்சத்தைச் சுற்றி இன்னும் கீற்றுகள் வருகின்றன. கண்ணாடியைப் பார்த்தேன், கீறல் இல்லை. வாசலில் நின்ற ஸ்கூட்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி, அதன் முகமறைப்பை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உப்புக்காற்றும் மணலும் பட்டதை உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். மறைப்பை மாற்றிய பிறகு "இப்ப பரவாயில்லை" என்று செய்தி அனுப்பினார். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இரவு வெளிச்சம் கூசுகிறது என்றால், பவருடன் ஹெல்மெட்டையும் பார்ப்பது வீண்போகாது.

அணியும் முறை தானாகவே ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. காலையில் ஸ்கூட்டி எடுக்கும்போது போட்டு, மாலை வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது கழற்றுகிறார். தொலைக்காட்சி பார்க்கும்போது மறுபடி போடுகிறார். "நாள் முழுக்கவா?" என்ற கேள்விக்கு அவர் விடயத்தில் கிடைத்த பதில் இதுதான். மைனஸ் 0.50 உள்ள ஒரு தையல்காரருக்கும், மைனஸ் 2.00 உள்ள ஒரு பஸ் சாரதிக்கும் பதில் வேறாக வரும்.

அக்காவின் மகன்

இதற்கிடையே அதே குடும்பத்தில் 11 வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். கரும்பலகை தெரியவில்லை என்று பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை அம்மம்மா நேராகவே கேட்டார்: "பெரியாக்களுக்கு முழுசாப் போட்டது சரி. பிள்ளைக்கு எண்டாலும் குறைச்சுப் போடலாம்தானே?"

எனது அளவில் முதலில் மைனஸ் 1.75 வந்தது. சில நிமிடத்தில் மறுபடி பார்க்க 1.25. இப்படி ஆடும் அளவை வைத்துப் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதக்கூடாது. வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே லென்சைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்ததில் இரண்டு கண்ணும் மைனஸ் 1.00. மீதி, கண் இறுகியதால் வந்த பொய். கொடுத்தது மைனஸ் 1.00, முழுதாக. அம்மம்மா விரும்பியபடி எண் குறைந்துதான் இருந்தது, ஆனால் அளந்து குறைந்தது.

அந்த ஒன்றையும் பாதியாக்கினால் பிள்ளையின் கண் மெதுவாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2002இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில் 94 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முக்கால் டயோப்டர் அளவில் குறைத்துப் போட்டவர்களின் பவர் முழுதாகப் போட்டவர்களை விடச் சற்று வேகமாகவே ஏறியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. என்றாலும், இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே பாதிப் பவரைப் பாதுகாப்பு என்று நம்பிக் கொடுக்க இடமில்லை. பையன் பாடசாலை நேரம் முழுவதும் போட வேண்டும் என்று சொல்லப்பட்டது. விளையாட்டில் உடைந்துவிடும் என்ற பயம் இருந்ததால் பிளாஸ்டிக் லென்சும் பின்னால் கட்டும் நாடாவும் கொடுத்தோம்.

சித்திக்கு ஒரு பதில், அக்கா மகனுக்கு வேறு பதில் என்பது வீட்டில் கொஞ்சம் குழப்பத்தை உண்டாக்கியது உண்மை. சித்தியின் பவர் நின்றுவிட்டது, அவருக்குக் கழற்றும் சுதந்திரம் உண்டு. பையனின் கண் வளரும் வயது, அவனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் பின் நடைமுறையில் மாற்றியவை

கண்ணாடியுடன் வருபவரின் பழைய லென்சை, அட்டையை வாசிக்க வைப்பதற்கு முன்பே லென்ஸ் மீற்றரில் பார்த்து, துண்டில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டும் பொருந்தாதவர்கள் நினைத்ததை விட அதிகம். நாங்கள் கொடுக்கும் துண்டிலும் இப்போது பவருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறோம்: முழுப் பவரா, குறைத்ததா, குறைத்தது என்றால் எவ்வளவு, எதற்காக. வேறு கடையில் செய்விக்கிறவர் அங்கே குறைக்கச் சொன்னாலும், செய்பவர் ஒரு தரம் யோசிப்பார்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்பதை விட்டு, வேலை செய்யும் தூரத்தைக் கையால் காட்டச் சொல்கிறோம். ஆசிரியை என்று எழுதியிருந்த இடத்தில் கட்டிலில் மடித் தூரமும் இருக்கும் என்று தொழிலின் பெயர் சொல்லாது. இலேசான கிட்டப்பார்வைக்கு முதல் தடவை முழுப் பவர் போடும் எல்லோருக்கும், இரண்டு வாரத்துக்குள் கிட்டத்தில் கனம் வந்தால் கழற்றி வாசித்துப் பார்க்கும்படியும், கண்ணாடியை மாற்ற வருவதற்கு முன் அதைச் செய்யும்படியும் சொல்லி அனுப்புகிறோம்.

ஆசிரியைக்கு அடுத்த பரிசோதனை ஒரு ஆண்டில். நாற்பதை நெருங்கும்போது இதே மைனஸ் 1.50 அவருக்கு வேறு விதத்தில் உதவும். கூட இருப்பவர்கள் வாசிப்புக் கண்ணாடி தேடும் வயதில், அவர் போட்டிருப்பதைக் கழற்றிவிட்டு விடைத்தாள் திருத்தலாம்.